ஒன்று விடாமல் எழுதத் தேவையில்லை

சித்தி மகள் இந்த வருடம் கம்பஸுக்குப் போயிருக்கிறாள். வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன பிள்ளை, புவியியல் எடுத்திருக்கிறாள். போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்ன முதல் விஷயமே இதுதான்: "அக்கா, சேர் பேசுற வேகத்துக்கு கை ஓடவே மாட்டேங்குது. ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள அவர் மூணு வரி தாண்டிடுறார்." பக்கத்தில் இருந்த சித்தப்பா உடனே, "ஒன்னு விடாம எழுதிரும்மா, பெறகு வந்து படிச்சிக்கலாம்" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் அந்த "ஒன்னு விடாம" எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால், நானும் அதே பாடத்தை, அதே மாதிரி வேகமாகப் பேசும் ஒருவரிடம் படித்தவள். குறிப்பெடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய விட்டுத்தான் எழுதுகிறார்கள். எதை விடுவது, விட்டதை எப்போது நிரப்புவது என்பதைத்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

சாதாரணமாகப் பேசுகிறவரே நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்டிவிடுவார். கையால் எழுதினால் நிமிடத்துக்கு 20, 30 சொல்தான் வரும். தமிழில் இன்னும் சிரமம். "குளிர்ச்சியடைந்துகொண்டிருக்கின்றது" என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், நமக்கு அது அரை வரி. கையின் வேகத்தைக் கூட்டி இந்த இடைவெளியை அடைக்க முடியாது. போனில் பதிவு செய்யலாமே என்று பலர் சொல்கிறார்கள். செய்யலாம். ஆனால் இரண்டு மணி நேரப் பதிவை மறுபடி கேட்க இரண்டு மணி நேரம் வேண்டும். கிழமைக்கு எத்தனை விரிவுரை என்று எண்ணிப் பார்த்தால் அது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்துவிடும். விட்டுப்போன ஒரு எண்ணைத் தேடிப் போவதற்குப் பதிவு உதவும், அவ்வளவுதான்.

தமிழைச் சுருக்கும்போது

சுருக்கெழுத்து என்றவுடன் எல்லோரும் முதலெழுத்தைத்தான் நினைக்கிறார்கள். தென்மேல் பருவப்பெயர்ச்சிக்கு தெ.மே.ப., மறைவெப்பத்துக்கு ம.வெ., மலையின் காற்றுக்கு மறைவான பக்கமான காற்றொதுக்குக்கு கா.ஒ. என்று இரண்டு மூன்று சொல் சேர்ந்த கலைச்சொற்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். தனிச்சொல்லுக்குச் செய்யாது. புவியியல் கொப்பியில் 'வ' என்று மட்டும் எழுதி வைத்தால் அது வடக்கா, வளியா, வலயமா, வருடமா? அதனால் தனிச்சொல்லுக்கு இரண்டு எழுத்தாவது வேண்டும். அமுக்கம் என்றால் அமு, உயரம் என்றால் உய. 'வளி' ஏற்கெனவே இரண்டெழுத்துத்தான், அதைச் சுருக்கி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கூடுவதற்கும் குறைவதற்கும் அம்புக்குறி போதும். புதிய சுருக்கம் ஒன்றை வகுப்பில் அந்த நேரம் உண்டாக்கினால், பக்கத்தின் மேல் மூலையில் அதன் முழு வடிவத்தை ஒரு தடவை எழுதிவிட வேண்டும். மூன்று நாள் கழித்து அது என்னவென்று நமக்கே தெரியாமல் போகும்.

முக்கியமான சிக்கல் சொல்லின் முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது. தமிழில் யார் யாரை என்ன செய்தார்கள், எது எதனால் நடந்தது என்பதெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கிறது. சுருக்குகிற அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் வால்தான். கீழிறங்கும் காற்று ஏன் சூடாகிறது என்று விரிவுரையாளர் விளக்குகிறார். கீழே வரவர அமுக்கம் கூடுகிறது, அமுக்கத்தால் காற்று நெருக்கப்படுகிறது, அதனால் வெப்பம் கூடுகிறது. இதை "அமு வெ↑" என்று எழுதி வைத்தால், பரீட்சை நேரம் திறக்கும்போது அமுக்கமும் வெப்பமும் சேர்ந்து கூடுகின்றனவா, வெப்பத்தால் அமுக்கம் கூடுகிறதா என்று தடுமாற வேண்டியதுதான். "அமு.ஆல் வெ↑" என்று எழுதினால் காரணம் பத்திரமாக இருக்கும். ஒரு புள்ளி, இரண்டு எழுத்து, அவ்வளவுதான் செலவு. ஆல், க்கு, இல், இருந்து ஆகிய நான்கையும் நான் ஒருபோதும் வெட்டுவதில்லை. சொல்லின் உடம்பை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுவேன், இவற்றை வைத்துக்கொள்வேன். கின்றது, கின்றன, ப்பட்டுள்ளது போன்ற காலம் காட்டும் முடிவுகளைத் தாராளமாக விடலாம். விதிகளைச் சொல்லும் பாடத்தில் பெரும்பாலும் எல்லாம் நிகழ்காலம்தான்.

இன்னொரு ஆபத்து எதிர்மறை. தமிழில் இல்லை என்பது வினையின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "குளிரும்", "குளிராது" இரண்டுக்கும் முன்பாதி ஒன்றே. "குளிர்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனால், எழுதியது நேரெதிரான பொருளைத் தரலாம். வேகமாகப் பேசுகிறவர்கள் அந்தக் கடைசி அசையை விழுங்கியும் விடுவார்கள். அதற்காகவே எதிர்மறை காதில் விழுந்தவுடன் வினைக்கு முன்னால் ஒரு × போடும் பழக்கம் வைத்திருந்தேன். ×குளிர், ×மழை. வால் வருவதற்குக் காத்திருந்து கேட்டுவிட்டு, பிறகு பேனையை வைப்பது சில நொடி தாமதம். அந்தத் தாமதம் நல்லது. வசனம் முடியும் வரை பொறுத்திருந்தால்தான் எதை எழுத வேண்டும் என்று தெரியும்.

எந்த இடத்தைக் காலியாக விடுவது

தவறவிட்ட ஒரு வசனத்தைத் துரத்திக்கொண்டு போனால் அடுத்த இரண்டு வசனமும் போய்விடும். இது எல்லோருக்கும் அனுபவத்தில் தெரியும், ஆனாலும் கை துரத்தும். பக்கத்தில் இருப்பவளின் கொப்பியை எட்டிப் பார்ப்போம், அதற்குள் விரிவுரையாளர் வேறொரு இடத்துக்குப் போயிருப்பார். தவறியது தவறியதாக இருக்கட்டும் என்று உடனே இடம் விட்டுவிட்டு, இப்போது பேசுவதைப் பிடிக்க வேண்டும்.

அந்தக் காலி இடம் வெறும் காலியாக இருக்கக்கூடாது. என்ன வகைச் சாமான் காணாமல் போனது என்று அது சொல்ல வேண்டும். எண் என்றால் ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் அலகு. காரணம் என்றால் "ஏன்?" என்று எழுதி ஒரு வரி விடுவேன். உதாரணம் என்றால் "எ.கா?". நிபந்தனை என்றால் "எனில்" என்று எழுதி நிறுத்துவேன். ஒரு சொல் தவறினால் சின்னக் கோடு, ஒரு விளக்கம் முழுக்கத் தவறினால் மூன்று வரி வெற்றிடம். பக்கத்தின் வலப்பக்கத்தில் மூன்றிலொரு பங்கை முன்கூட்டியே விட்டு எழுதினால் இதற்கெல்லாம் இடம் கிடைக்கும். கொப்பி விலையை நினைத்து ஓரம் வரை நெருக்கி எழுதும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை மட்டும் வகுப்புக் கொப்பியில் விட்டுவிட வேண்டும். இடமில்லாத பக்கத்தைத் திருத்தவே முடியாது.

தவறியதால் விடுவது ஒரு வகை. வேண்டுமென்று விடுவது இன்னொரு வகை, அதுதான் உண்மையான திறமை. கேட்கும்போதே ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்ள வேண்டும்: இதை நானே பிறகு கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் பேனையை வைத்துவிட்டுக் கேட்கலாம். தேசப்படத்தில் இருப்பது, பாடநூலில் இருப்பது, கணக்கால் வருவது, நம் ஊரில் கண்ணால் பார்ப்பது இவற்றை விடலாம். தொடக்க எண்கள், விதிவிலக்குகள், நிபந்தனைகள், அவர் சொந்தமாகச் சொல்லும் கருத்து இவற்றை விடக்கூடாது. வேறு எங்கிருந்தும் அவை திரும்பி வராது.

ஊவாக் காற்று

இது எனக்கு முழுதாகப் பிடிபட்டது ஒரே ஒரு விரிவுரையில். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது ஊவாப் பக்கம் ஏன் காய்ந்து கிடக்கிறது என்பது பாடம். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜூன், ஜூலை என்றால் விடாத மழை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அது புழுதியும் காற்றும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் போன வாசம் ஏறுகிறது என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதே காற்று இன்னும் கீழே இறங்கி மட்டக்களப்புப் பக்கம் போகும்போது கச்சான் என்று பெயர் வாங்குகிறது.

விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தார். படத்தைப் பார்ப்பதா, அவர் சொல்வதை எழுதுவதா என்ற நிலை. அன்று என் கொப்பியில் விழுந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்:

தெ.மே.ப. → மே.சரிவு.இல் ↑
கடல்மட்.இல் 28°, முகில் 500 மீ.இல்
அதுவரை 10°/1000 மீ, பிறகு □°/1000 மீ. ஏன்? \_\_\_\_\_
உச்சி 2000 மீ, 14°
ஊவா.க்கு ↓ முழுக்க 10°/1000 மீ, அமு.ஆல் வெ↑
×மழை எனில் \_\_\_\_\_
\_\_\_\_\_

மழைக்காலம், மாதங்கள், தேயிலை என்று அவர் ஐந்து நிமிடம் போல சொன்னதில் ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. அது என் ஊர். அந்த நேரத்தில் பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன், கேட்டதால்தான் "ஏன்?" என்பதற்கான விளக்கம் அரைகுறையாகவாவது மனதில் தங்கியது.

விரிவுரை முடிந்தவுடன் அடுத்த வகுப்புக்கு முன் கொஞ்ச நேரம் இருந்தது. தாழ்வாரத்துச் சுவரில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். முதலில் கட்டம். முகில் உண்டாகும் வரை முதல் 500 மீற்றரில் 1000 மீற்றருக்கு 10 பாகை வீதம் குறைந்தால், 28 பாகை 23 ஆகிவிடும். உச்சியில் 14 என்று எழுதியிருக்கிறேன். ஆக, 500 மீற்றரிலிருந்து 2000 மீற்றர் வரை 1500 மீற்றர் ஏற்றத்தில் 9 பாகை குறைந்திருக்கிறது. 1000 மீற்றருக்கு 6. கட்டத்துக்குள் 6 என்று எழுதினேன். காதில் விழாத எண், விழுந்த எண்களிலிருந்து தானே வந்து நின்றது. தொடக்கமும் முடிவும் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. அவற்றில் ஒன்றை விட்டிருந்தால் எந்தக் கணக்கும் உதவியிருக்காது. எதை எழுதுவது, எதை விடுவது என்ற வரிசை அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

அடுத்தது "ஏன்?". ஒரே காற்று, ஒரே மலை, ஏன் இரண்டு வீதம்? நினைவில் தங்கியிருந்த துண்டு மறைவெப்பம் என்ற சொல். நீராவி ஒடுங்கி முகில் துளியாகும்போது மறைவெப்பத்தை வெளிவிடுகிறது, அது காற்றிலேயே சேர்கிறது. அதனால் முகிலுக்குள் ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிர்கிறது. இரண்டு வரியில் எழுதி முடித்தேன். அப்புறம் மறுபக்கம். உச்சியிலிருந்து ஏறக்குறைய 1200 மீற்றரில் இருக்கும் பண்டாரவளைக்கு 800 மீற்றர் இறக்கம். 8 பாகை கூடினால் 22. மேற்குச் சரிவில் அதே 1200 மீற்றர் உயரத்தில் எவ்வளவு? 23 இலிருந்து 700 மீற்றருக்கு 4.2 போக 18.8. ஒரே உயரம், மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம். இது விரிவுரையாளர் சொல்லாத கணக்கு, ஆனால் அவர் சொன்னதை நான் சரியாக வாங்கியிருக்கிறேனா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. விடை தலைகீழாக வந்திருந்தால், ஊவா குளிராகவும் மேற்கு சூடாகவும் வந்திருந்தால், குறிப்பில் எங்கோ பிழை என்று உடனே தெரிந்திருக்கும். 6 என்பது வகுப்புக்காக எடுத்த எண், வெப்பமான ஈரக் காற்றில் அந்த வீதம் அதைவிடக் குறையும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

கடைசி வெற்றிடம் அப்படி நிரம்பவில்லை. "×மழை எனில்" என்பதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. யோசித்து ஒரு விடையை எழுதலாம்தான். ஆனால் நிபந்தனை என்பது ஊகிக்கிற சாமான் இல்லை. தலவாக்கலையிலிருந்து வந்த தோழி ஒருத்தியின் கொப்பியில் அந்த வரி முழுதாக இருந்தது: மழை விழாமல் முகில் அப்படியே தாண்டிப் போனால், மறுபக்கம் இறங்கும்போது துளிகள் மறுபடி ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. அவளிடம் 28 என்ற தொடக்க எண் இல்லை. என்னிடம் இருந்தது. மாற்றிக்கொண்டோம்.

அந்த நிபந்தனையை எழுதியபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. மேற்கில் மழை குறைந்த நாட்களிலும் எங்கள் பக்கம் காற்று சூடாகத்தானே அடிக்கிறது? அடுத்த விரிவுரை முடிந்ததும் இதை மட்டும் கேட்டேன். "சேர், எல்லாத்தையும் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் அவர் நகர்ந்திருப்பார். இப்படிக் கேட்டதும் நின்று விளக்கினார். கீழ்மட்டக் காற்று மலையால் தடைபட்டு நின்றுவிடும்போது, மேல்மட்டத்தில் இருக்கும் வறண்ட காற்று மறுபக்கம் இறங்கலாம், அதற்கு மழை தேவையே இல்லை என்றார். மெதுவாகவும் சொன்னார்.

அன்றைக்கே திருத்துவது

திருத்தம் என்று நான் சொல்வது பத்து, பதினைந்து நிமிட வேலை. வகுப்பு முடிந்து வேறு பேச்சில் இறங்குவதற்கு முன், முடியாவிட்டால் அன்றிரவு படுப்பதற்கு முன். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது. இதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் எழுதி வைத்திருக்கிறார். கிழமை முடிவில் வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று வைத்தால், "ஏன்?" என்ற எழுத்து இருக்கும், அதற்குப் பின்னால் இருந்த குரல் இருக்காது.

வரிசையும் முக்கியம். பாடநூலையோ தோழியின் கொப்பியையோ முதலில் திறக்கக்கூடாது. முதலில் நினைவிலிருந்து நிரப்ப வேண்டும், பிறகு கணக்காலோ தர்க்கத்தாலோ வருவதை, அதற்குப் பிறகுதான் அடுத்தவர் கொப்பி. அடுத்தவர் குறிப்பை முதலில் பார்த்துவிட்டால் நம் நினைவில் இருந்த அரைகுறைத் துண்டு அதற்குள் கரைந்துபோகும். எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சிவப்புப் பேனையாலும், ஊகித்ததைப் பென்சிலாலும் எழுதுவேன். பென்சில் எழுத்து உறுதியானதும் மேலே பேனையால் எழுதலாம். இந்தப் பிரிவு இல்லாவிட்டால், ஒரு மாதம் கழித்து நம் ஊகமும் விரிவுரையாளர் சொன்னதும் ஒரே முகத்தோடு நிற்கும். எங்கள் தொகுதியில் ஒருவருடைய கொப்பியில் "கா.ஒ. பக்கம் மழை இல்லை" என்று ஒரு வெற்றிடம் நிரப்பப்பட்டிருந்தது. அது தென்மேல் பருவப்பெயர்ச்சிக்கு மட்டும் பொருந்துவது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, இடைப்பருவப்பெயர்ச்சியிலும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியிலும் ஊவாவுக்கு நல்ல மழை உண்டு. அந்தக் கொப்பி போட்டோ கொப்பியாகிப் பல கை மாறியது, கூடவே அந்த வரியும்.

திருத்தம் என்ற பெயரில் 'நல்ல கொப்பி'யில் எல்லாவற்றையும் அழகாகப் பிரதி எடுப்பவர்களும் உண்டு. ஒரு விரிவுரைக்கு இரண்டு மணி நேரம் போகும், ஆனால் வெற்றிடம் வெற்றிடமாகவே பிரதியாகும். அல்லது வசனம் சீராக ஓட வேண்டுமென்று அழகாக மூடப்பட்டுவிடும். வகுப்புக் கொப்பியிலேயே, கோணல்மாணலாக, வெற்றிடத்துக்குள் நிரப்புவதுதான் திருத்தம்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் சரிவராது. விரிவுரையாளர் வரைவிலக்கணம் சொல்லும்போது, சட்ட வாசகம் வாசிக்கும்போது, மேற்கோள் தரும்போது வேகம் எவ்வளவு இருந்தாலும் சொல்லுக்குச் சொல் எழுதத்தான் வேண்டும். பெரும்பாலும் அப்போது அவர்களே கொஞ்சம் மெதுவாக்குவார்கள், குரலை ஒரே சீராக வைப்பார்கள். அந்த மாற்றத்தைக் காது பழகிக்கொள்ளும். முழுக்கப் புதிய பாடத்தின் முதல் இரண்டு மூன்று விரிவுரைகளிலும் இது தடுமாறும். எது பிறகு திரும்பக் கிடைக்கும் என்று தெரிய, பாடத்தில் கொஞ்சமாவது கால் ஊன்றியிருக்க வேண்டும். அதற்கு முதல் நாள் இரவு பாடநூலில் அந்த அத்தியாயத்தின் தலைப்புகளையும் படங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவது போதும். அதில் வரும் கலைச்சொற்களுக்குச் சுருக்கத்தை அப்போதே முடிவு செய்து பக்கத்தின் மூலையில் எழுதிக்கொண்டால், வகுப்பில் யோசிக்க வேண்டிய வேலை ஒன்று குறையும்.

தங்கச்சிக்கு இதில் பாதியைத்தான் அன்று சொல்ல முடிந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதோ எழுதிவிட்டேன். உன்னோடு அதே வகுப்பில் இருக்கும், உன்னைப்போல் எழுதாத ஒருத்தியைத் தேடிக்கொள். அவள் விடுவது வேறாகவும் நீ விடுவது வேறாகவும் இருந்தால்தான் மாற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். இரண்டு பேரின் எண்ணும் வேறு வேறாக இருந்தால் பெரும்பான்மைக்கு மூன்றாவது ஆளைத் தேட வேண்டாம். முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் சேரிடம் அந்த ஒரு எண்ணை மட்டும் கேளுங்கள்.